12 துடிப்பு என்கிறது கையேடு, 8 மைக்ரோசெக்கன் காட்டுகிறது ஸ்கோப்

கொழுந்துக்கூடை (தலவாக்கலை):
கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறிக்கு மூன்று கட்ட மோட்டார் இயக்கி ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். சில்லு STM32F103, 72 மெகாஹேர்ட்ஸ். மின்னோட்டம் எல்லை மீறினால் ஒப்பீட்டி ஒரு முனையை உயர்த்தும். அந்த இன்டரப்டில் ஐஜிபிடிகளை அணைக்க வேண்டும். கோர்டெக்ஸ்-எம்3 இன்டரப்டுக்குள் நுழைய 12 துடிப்பு போதும் என்று படித்தேன். அதாவது 167 நனோசெக்கன். சோதிப்பதற்காக அலைப்பிறப்பாக்கியிலிருந்து 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலையை PA0-க்குக் கொடுத்து, இன்டரப்டுக்குள் இன்னொரு முனையை உயர்த்தி, இரண்டையும் ஸ்கோப்பில் பார்த்தேன். பெரும்பாலும் 1.3 மைக்ரோசெக்கன் வருகிறது. ஆனால் ஏறத்தாழ 50 செக்கனுக்கு ஒரு தடவை, கண் சிமிட்டும் நேரத்துக்கு, 8 வரை போய்த் திரும்புகிறது. இந்த 8 எங்கிருந்து வருகிறது?

பதுளைவீதி:
தம்பி, கையேட்டில் 12 என்றால் 12தான். உங்கள் பலகையில் இரைச்சல் புகுந்திருக்கிறது. தொழிற்சாலையில் உருளை இயந்திரங்கள் ஓடும்போது மின்வழங்கல் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும். இன்டரப்டின் முன்னுரிமையை 0 ஆக்குங்கள், கையாளியைப் பிளாஷிலிருந்து ராமுக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எம்7 சில்லு ஒன்றை வாங்குங்கள், வேகம் மூன்று நான்கு மடங்கு.

மூடுபனி (ஹப்புத்தளை):
பதுளைவீதி அண்ணாவுடன் எனக்கு உடன்பாடில்லை. இரைச்சல் 50 செக்கனுக்கு ஒரு தடவை என்று மணி பார்த்து வராது. அந்த 50 செக்கனில்தான் விடை இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அலைப்பிறப்பாக்கியும் பலகையும் வெவ்வேறு படிகங்களில் ஓடுகின்றன. இரண்டும் 1 மில்லிசெக்கன் என்று சொன்னாலும் பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம். அப்படியானால் ஒன்று மற்றதைத் தாண்டி ஒரு செக்கனுக்கு 20 மைக்ரோசெக்கன் வழுக்கும். 1000 மைக்ரோசெக்கனைக் கடக்க 50 செக்கன் ஆகும். ஆகவே உங்கள் நிரலில் ஒவ்வொரு மில்லிசெக்கனும் நடக்கும் ஏதோ ஒரு வேலை, சுமார் 7 மைக்ரோசெக்கனுக்கு இன்டரப்டுகளைப் பூட்டி வைக்கிறது. அலையின் விளிம்பு அந்தப் பூட்டுக்குள் விழும் நேரம் மூன்றில் ஒரு செக்கன் மட்டுமே. உங்கள் கண் சிமிட்டல் அதுதான்.

ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். தாமதம் 8-க்குச் சட்டென்று எகிறிப் பின் வழுக்கி 1.3-க்கு இறங்குகிறதா, அல்லது மெல்ல ஏறிச் சட்டென்று விழுகிறதா? இரண்டில் எதுவானாலும் அது பூட்டுத்தான். விளிம்பு பூட்டின் தொடக்கத்தில் விழுந்தால் முழு நேரமும் காத்திருக்க வேண்டும், முடிவில் விழுந்தால் காத்திருப்பே இல்லை. எந்தப் பக்கம் சரிவு என்பது எந்தப் படிகம் சற்று வேகமானது என்பதை மட்டுமே பொறுத்தது. இரைச்சலாக இருந்தால் சரிவே தெரியாது, புள்ளிகள் கண்டபடி சிதறும்.

மஸ்கெலியா நீர்:
எனக்கும் இதே பிரச்சினைதான். எங்கள் தோட்டத்துச் சிறு நீர்மின் சுழலியின் வேகத்தை இன்டரப்டில் அளக்கிறேன். சுற்றுக்கு ஒரு துடிப்பு, இன்டரப்டுக்குள் டைமரைப் படித்து முந்திய அளவீட்டைக் கழிக்கிறேன். அளவு நிலையாக நிற்காமல் ஆடுகிறது. நானும் பூட்டைத் தேட வேண்டுமா?

மூடுபனி:
உங்களுடையது வேறு கேள்வி அண்ணா. உங்களுக்கு விரைவாக எதையும் செய்ய வேண்டியதில்லை, எப்போது நடந்தது என்பது மட்டும் சரியாகத் தெரிந்தால் போதும். டைமரின் உள்ளீட்டுப் பிடிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். விளிம்பு வந்த கணத்தின் எண்ணிக்கையை வன்பொருளே எழுதி வைத்துவிடும். இன்டரப்ட் 10 மைக்ரோசெக்கன் பிந்தி வந்து படித்தாலும் எண் மாறாது. அதற்குப் பிறகும் ஆடினால் காந்த உணரியின் விளிம்பு சாய்வாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பதுளைவீதி:
நான் முன்னுரிமையை 0 ஆக்கச் சொன்னது தவறா? அதிக முன்னுரிமை உள்ளது மற்றவற்றை இடைமறித்து நுழையும் என்பது அடிப்படைப் பாடம்.

மூடுபனி:
இன்னொரு இன்டரப்ட் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் `__disable_irq()` முன்னுரிமை பார்ப்பதில்லை. 0 ஆனாலும் 15 ஆனாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். முன்னுரிமைக்கு மதிப்பு வர வேண்டுமானால் பூட்டு `BASEPRI` வழியாகப் போட வேண்டும். அதில் ஓர் எல்லையை எழுதினால் அந்த எல்லையிலும் அதற்குக் கீழும் உள்ளவை மட்டும் நிற்கும், மேலே உள்ளது தடையின்றி நுழையும். அப்படி நுழையும் கையாளி, பூட்டு பாதுகாக்கும் தரவைத் தொடக் கூடாது என்பது ஒரே நிபந்தனை.

ராமுக்கு மாற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்3-இல் பதிவகங்களை அடுக்கில் சேமிப்பது ஒரு பாட்டையில் நடக்கும்போதே, கையாளியின் முகவரியைப் பிளாஷிலிருந்து எடுப்பது இன்னொரு பாட்டையில் நடக்கிறது. அந்த 12-க்குள் இரண்டும் அடங்குவது இதனால்தான். முகவரி அட்டவணையையும் கையாளியையும் ராமுக்குக் கொண்டுபோனால் இரண்டு வேலையும் ஒரே பாட்டையில் முண்டியடிக்கும். 72 மெகாஹேர்ட்ஸில் பிளாஷுக்கு 2 காத்திருப்புத் துடிப்பு உண்டு என்பது உண்மை. அதில் மிச்சம் பிடிப்பதை இதில் இழக்கலாம். அளக்காமல் மாற்ற வேண்டாம்.

கொழுந்துக்கூடை:
அக்கா, மெல்ல ஏறிச் சட்டென்று விழுகிறது! நீங்கள் சொன்ன மாதிரியே. தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு மில்லிசெக்கனும் ஓடும் பதிவு வேலையில், 40 பைட்டை ஒரு வளையத்தால் நகலெடுக்கிறேன், அதைச் சுற்றி `__disable_irq()` போட்டிருக்கிறேன். தொகுப்பானின் மேம்படுத்தலையும் அணைத்தே வைத்திருந்தேன். பைட்டுக்கு 12 துடிப்பு என்றால் 480 துடிப்பு, 6.7 மைக்ரோசெக்கன். 1.3-உடன் கூட்டினால் சரியாக 8. உறுதிப்படுத்த, பூட்டின் தொடக்கத்தில் ஒரு முனையை உயர்த்தி முடிவில் இறக்கி இரண்டாம் வழியில் பார்த்தேன். தாமதம் நீளும் ஒவ்வொரு தடவையும் PA0-இன் விளிம்பு அந்தத் துடிப்புக்குள்தான் விழுகிறது.

ஆனால் 1.3 இன்னும் புரியவில்லை. அது 12 அல்ல, 94 துடிப்பு.

மூடுபனி:
12 என்பது கையாளியின் முதல் கட்டளையின் வாசல் வரைதான், அதுவும் காத்திருப்பே இல்லாத நினைவகத்தில். நீங்கள் முனையை உயர்த்துவது எங்கே? ஹால் நூலகத்தின் திரும்ப அழைக்கும் செயற்கூற்றுக்குள் என்றால், அதற்கு முன் இரண்டு மூன்று செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்திருக்கும். மேம்படுத்தல் இல்லாதபோது அவை ஒவ்வொன்றும் பதிவகங்களை எடுத்து வைத்துத் திரும்ப எடுக்கும். `EXTI0_IRQHandler`-இன் முதல் வரியிலேயே `BSRR`-இல் நேரடியாக எழுதிப் பாருங்கள்.

வெளியீட்டு முனையின் வேகத்தையும் பாருங்கள். 2 மெகாஹேர்ட்ஸ் என்று விட்டிருந்தால் அதன் விளிம்பு ஏறவே 125 நனோசெக்கன் வரை போகலாம். நீங்கள் தேடும் 167-இற்கு அது அற்பமல்ல. 50 மெகாஹேர்ட்ஸாக மாற்றுங்கள், ஆய்கோலின் தரைக்கம்பியைக் குட்டையாக்குங்கள்.

இன்னொன்று, அலையை 1000 ஹேர்ட்ஸில் விடாதீர்கள். 997 வைத்தால் விளிம்பு நிரலின் எல்லா இடத்திலும் விரைவாக விழும், 50 செக்கன் காத்திருக்க வேண்டாம். அதே சில்லின் டைமரிலிருந்து அலை எடுத்திருந்தால் இரண்டும் ஒட்டியே ஓடியிருக்கும், அந்த 8-ஐ நீங்கள் ஒருபோதும் கண்டிருக்க மாட்டீர்கள். திரையில் நிலைத்திருப்பை முடிவிலியாக்கி விடுங்கள். தீற்றலின் இடது விளிம்பு கருவும் உங்கள் முதல் வரிகளும் எடுக்கும் நேரம். அதன் அகலம் உங்கள் மிக நீண்ட பூட்டு.

பதுளைவீதி:
ஸ்கோப் எல்லா விளிம்பையும் பிடிக்குமா? மலிவான ஸ்கோப்புகள் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் குருடாக இருக்கும். மணிக்கு ஒரு தடவை வரும் தாமதம் அதில் தப்பிவிடும்.

மூடுபனி:
சரியான ஆட்சேபம், இதை நான் சொல்லத் தவறிவிட்டேன். அதற்குச் சில்லையே அளக்கச் சொல்ல வேண்டும். PA0 டைமர் 2-இன் முதல் வழியும்தான். அதே விளிம்பை டைமரும் பிடிக்கட்டும்:

```c
void EXTI0_IRQHandler(void)
{
    uint16_t d = (uint16_t)(TIM2->CNT - TIM2->CCR1);
    EXTI->PR = 1u << 0;
    if (d > worst) worst = d;
}
```

டைமர் 72 மெகாஹேர்ட்ஸில் ஓடினால் ஒவ்வோர் எண்ணும் ஒரு துடிப்பு. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் `worst`-ஐப் படியுங்கள். 910 மைக்ரோசெக்கனைத் தாண்டினால் எண் சுற்றிவிடும் என்பதையும், முனை வரை போகும் நேரம் இதில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்கோப் வடிவத்தைக் காட்டும், இது உச்சத்தைப் பிடிக்கும்.

கொழுந்துக்கூடை:
நேற்றிரவு ஓடவிட்டேன். ஹாலை விட்டு `BSRR`-இல் எழுதியதும் ஸ்கோப்பில் 0.4 மைக்ரோசெக்கன். நகலெடுப்பைப் பூட்டுக்கு வெளியே எடுத்து, சுட்டெண்ணை மாற்றுவதை மட்டும் உள்ளே வைத்தேன். தீற்றல் ஒரு மெல்லிய கோடாகிவிட்டது. ஆனால் காலையில் `worst` 131 என்றது! ஏறத்தாழ 1.8 மைக்ரோசெக்கன். ஸ்கோப் அதை ஒரு தடவையும் காட்டவில்லை. தொடர் வழியின் இன்டரப்டும் அதே முன்னுரிமையில் இருந்திருக்கிறது, சமமானவை ஒன்றையொன்று இடைமறிப்பதில்லை. அதைக் கீழே இறக்கியதும் 40-ஐத் தாண்டவில்லை. பதுளைவீதி அண்ணா சொன்னதும் ஒரு பாதி இங்கே இருந்தது.

மூடுபனி:
மகிழ்ச்சி. ஆனால் இந்த நிரலை நம்பி ஐஜிபிடியைத் தொங்கவிட வேண்டாம். குறுக்குச்சுற்றில் பல ஐஜிபிடிகள் 10 மைக்ரோசெக்கன் தாங்கும், புதியவற்றில் சில 5 கூடத் தாங்காது. உங்கள் பழைய 8 அதன் விளிம்பில் நின்றது. நாளைக்கு யாராவது இன்னொரு பூட்டைச் சேர்த்தால் திரும்பவும் அங்கேதான். டைமர் 1-க்குப் பிரேக் உள்ளீடு உண்டு, PB12. ஒப்பீட்டியை அங்கே இணைத்தால் நிரலின் தலையீடே இல்லாமல் ஆறு வெளியீடும் அணையும். இன்டரப்ட், நடந்ததை அறிவிக்க மட்டும்.

பதுளைவீதி:
இதில் நான் மறுக்கிறேன். F103-இன் பிரேக் உள்ளீட்டில் எண்முறை வடிகட்டி கிடையாது. ஐஜிபிடி ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டையோடின் மீள்மின்னோட்டம் ஓர் ஊசியாக எழும். ஒப்பீட்டி அதற்கும் துள்ளும். பிரேக் ஒரு தடவை விழுந்தால் நிரல் திரும்ப எழுப்பும் வரை மோட்டார் நின்றுவிடும். கொழுந்து தொட்டியில் கிடக்கும்போது விசிறி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்றால் தொழிற்சாலையில் யார் பதில் சொல்வது? இன்டரப்டில் இரண்டாம் தடவை படித்து உறுதிசெய்த பிறகு அணைப்பதே நடைமுறை.

மூடுபனி:
ஊசி உண்மை. அதை ஒப்பீட்டிக்கு முன் ஒரு தடையும் கொள்ளளவியும் வைத்து மழுக்கலாம். 1 கிலோஓமும் 470 பிக்கோபராட்டும் என்றால் நேர மாறிலி அரை மைக்ரோசெக்கன்.

பதுளைவீதி:
அந்த அரை மைக்ரோசெக்கன் உண்மையான குறுக்குச்சுற்றையும் பிந்தவைக்கும். நீண்ட கம்பியில் மோட்டார் இருந்தால் ஊசி அதைவிட அகலமாகவும் வரும்.

கொழுந்துக்கூடை:
என் மோட்டாருக்கு 18 மீட்டர் கம்பி. சனிக்கிழமை தொழிற்சாலைக்குப் போகும்போது ஊசியின் அகலத்தை அளந்து படத்தை இங்கே இடுகிறேன். அதுவரை PB12-இல் வடிகட்டியுடன் இணைத்து, விசிறி இல்லாமல் விளக்குச் சுமையில் ஓட்டுகிறேன்.