மொரீஷியஸில் வீட்டுக்கடன் வட்டிக் கழிவு: 6 சதவீதம் என்பது கையில் எவ்வளவு ஆகிறது?

திரியோலே மாப்பிள்ளை
மாதச் சம்பளம் 85,000 ரூபாய். வீடு கட்ட 40 லட்சம் கடன், 20 வருடம், 6 சதவீதம். வட்டிக்கு வரி விலக்கு உண்டு என்று வங்கியில் சொன்னார்கள். எனக்கு 20 சதவீத வரி. அப்படியானால் 6-இல் ஐந்தில் ஒரு பங்கு போய் 4.8 சதவீதம்தானே? இந்த மாதிரிக் கடனை வரிக் கணக்கில் காட்டியவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கத்ர் போர்ன் வாத்தியார்
சரியான கணக்குத்தான். வட்டி விகிதத்தை (1 − வரி விகிதம்) கொண்டு பெருக்கினால் முடிந்தது. மாதம் 28,657 தவணை கட்டுவீர்கள், வருடத்துக்கு 343,887. அதில் 20 சதவீதம், 68,000-க்கு மேல் மிச்சம்.

சம்பளப் பிரிவு, ரோஸ் ஹில்
வாத்தியார் ஐயா சொன்ன சூத்திரம் சரி, அதில் போட்ட இரண்டு எண்களும் தப்பு. சம்பளப் பட்டியல் போடும் மேசையில் ஒவ்வொரு ஜூலையும் இதே இரண்டு தப்போடு படிவங்கள் வந்து விழுகின்றன.

முதலாவது, தவணை முழுவதும் வட்டி அல்ல. முதல் வருடம் கட்டும் 343,887-இல் 106,792 அசலுக்குப் போகிறது. மீதி 237,095தான் வட்டி, கழிவும் அதற்கு மட்டும்தான். கடன் திறக்கும் கட்டணம், நோட்டேர் செலவு, வங்கி எடுக்கச் சொன்ன ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் எதுவும் இதில் சேராது. தவணையை அப்படியே எழுதினால் சம்பளத்தில் பிடிக்கும் வரி அந்த வருடம் குறையும். அக்டோபரில் ரிட்டர்ன் போடும்போது வங்கிச் சான்றிதழில் 237,095 என்று இருக்கும், வித்தியாசத்துக்கு வரி கட்டச் சொல்வார்கள்.

இரண்டாவது, "எனக்கு 20 சதவீத வரி" என்பது அரை உண்மை. ஜூலை 2025-இலிருந்து வருட வருமானத்தில் முதல் 500,000-க்கு வரி இல்லை, அடுத்த 500,000-க்கு 10, அதற்கு மேல் 20. மாப்பிள்ளையின் சம்பளம் வருடக் கடைசி போனஸோடு 13 மாதம், 1,105,000. சார்ந்தவர்கள் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். 20 சதவீதத்தில் நிற்பது மேலே இருக்கும் 105,000 மட்டும்தான். வட்டி மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வரும்: முதல் 105,000 வெட்டினால் 21,000 மிச்சம். மீதி 132,095 பத்து சதவீதப் படியில் வெட்டுகிறது, அதில் 13,209. மொத்தம் சுமார் 34,209.

இதை வட்டி 237,095-ஆல் வகுத்தால் 14.4 சதவீதம் வரும். ஆகவே 6 சதவீதக் கடன் இவர் கையில் 5.13 சதவீதம் ஆகிறது. 4.8 வேண்டுமென்றால் வருட வருமானம் 1,237,095-ஐத் தொட வேண்டும்.

கத்ர் போர்ன் வாத்தியார்
சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வருடா வருடம் வட்டி குறைகிறதே, அப்போது சலுகையும் தேய்ந்துகொண்டே போகும், விகிதம் மறுபடி 6-ஐ நோக்கி ஏறுமே?

சம்பளப் பிரிவு, ரோஸ் ஹில்
ரூபாயில் தேயும், விகிதத்தில் தேயாது. உண்மையில் நேர்மாறாக நடக்கும். வட்டி குறையக் குறைய, 10 சதவீதப் படியில் விழும் துண்டுதான் முதலில் சுருங்கும். 20 படியில் விழும் துண்டு அப்படியே நிற்கும். சம்பளம் ஏறாமல் இருந்தாலும் 5.13 மெல்ல 4.8 பக்கம் இறங்கும். வங்கி விகிதத்தை மாற்றினால் அது தனிக் கதை. மத்திய வங்கியின் கீ ரேட்டோடு ஓடும் கடன்தானே பெரும்பாலும்.

டர்பன் அண்ணாச்சி
நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு சதம்கூடக் கழிக்க விடுவதில்லையே! ஒரு அறையை வாடகைக்கு விட்டால் அந்தப் பரப்பளவுக்கு உரிய வட்டியை வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா?

சம்பளப் பிரிவு, ரோஸ் ஹில்
அண்ணாச்சி, அது தென்னாப்பிரிக்கச் சட்டம். மொரீஷியஸில் தானே குடியிருக்க வாங்கும், கட்டும் வீட்டுக்குத்தான் சலுகை. ஆனால் வீட்டின் மேல் வங்கி அடமானம் பதிந்திருக்க வேண்டும். அடமானம் இல்லாத தனிநபர்க் கடனில் கட்டினால், செங்கல் சிமெண்ட் ரசீது கட்டுக் கட்டாக இருந்தாலும் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கடனில் 8 சதவீதம் என்றால் 8தான்.

கியூர்பிப் மருமகள்
நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து கடன் எடுத்தோம். பாதிப் பாதி போடலாமா, அவரே முழுதும் போடலாமா?

சம்பளப் பிரிவு, ரோஸ் ஹில்
இருவரும் சம்பாதிக்கிறவர்கள் என்றால் ஒருவர் முழுதாக அல்லது சரிபாதியாக, இரண்டே வழி. 70-30 கிடையாது. மாப்பிள்ளையின் எண்களையே எடுத்து, மனைவிக்கு மாதம் 55,000 என்று வையுங்கள்: கணவரே முழுதும் போட்டாலும், பாதிப் பாதி போட்டாலும் மொத்த மிச்சம் அதே 34,209. கணவர் விட்டுக்கொடுக்கும் பாதி அவருக்கும் 10 சதவீதத் துண்டு, வாங்கிக்கொள்ளும் மனைவிக்கும் 10 சதவீதம். மனைவிக்கு 45,000 என்றால் கதை மாறும். அவர் வருட வருமானம் 585,000, வரிக்கு உட்பட்டது 85,000 மட்டும். பாதி வட்டி 118,547-இல் 85,000 வேலை செய்யும், மீதி 33,547 காற்றில் போகும். 3,354 ரூபாய் நட்டம். பாதிப் பாதி நியாயமாகத் தோன்றுகிறது என்பதற்காக எழுதிக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

திரியோலே மாப்பிள்ளை
கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, வைப்புத்தொகையில் போடலாமா, கடனில் கட்டலாமா? என் கடன் 5.13 என்றால் அதற்கு மேல் வட்டி தருகிற இடம் தேடினால் போதும், இல்லையா?

சம்பளப் பிரிவு, ரோஸ் ஹில்
இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 5.13 சராசரி. முன்கூட்டி அசலில் கட்டும்போது குறைவது கடைசித் துண்டு வட்டி, அது உங்களுக்கு 10 சதவீதப் படியில் இருக்கிறது. 100 ரூபாய் வட்டி குறைந்தால் 10 ரூபாய் சலுகைதான் இழக்கிறீர்கள். அதனால் முன்கூட்டிக் கட்டினால் கிடைக்கும் லாபம் 5.4 சதவீதம். வங்கி வைப்பு வட்டிக்குத் தனிநபர் வரி கட்டுவதில்லை, ஆகவே வைப்பு 5.4-க்கு மேல் தந்தால்தான் அங்கே போடுவதில் அர்த்தம்.

போர்ட் லூயி தம்பி
எங்கள் அப்பா காலமானபின் பழைய வீட்டில் எனக்கு ஐந்தில் ஒரு பங்கு. பிரிக்கவில்லை. இப்போது நான் கடன் எடுத்தால் சலுகை உண்டா?

கத்ர் போர்ன் வாத்தியார்
பங்கு என்பது வீடு ஆகாது. தைரியமாகப் போடுங்கள்.

சம்பளப் பிரிவு, ரோஸ் ஹில்
ஐயா, அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. கடன் எடுக்கும் நேரத்தில் தனக்கோ துணைக்கோ குடியிருப்புக் கட்டடம் சொந்தமாக இருக்கக்கூடாது என்பது விதி. பிரிக்காத பங்கை "சொந்தம்" என்று எடுப்பார்களா என்பதைப் பற்றி இங்கே இருவர் இரண்டு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வரித்துறையான எம்.ஆர்.ஏ.-வுக்கு எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சொத்தை மாற்றினாலும் அது கடன் தேதிக்கு முன்பா பின்பா என்று பார்ப்பார்கள்.

போர்ட் லூயி தம்பி
அக்காமார் பெயருக்கு மாற்றினால் பதிவுச் செலவு வரும், அதைச் சலுகை ஈடு கட்டுமா என்றும் பார்க்க வேண்டும்.

சம்பளப் பிரிவு, ரோஸ் ஹில்
கடன் எவ்வளவு, உங்கள் வருமானம் எந்தப் படியில் என்று சொன்னால் கணக்குப் போடலாம். பத்து சதவீதப் படிக்குள்ளேயே இருக்கிறவர் என்றால் 6 சதவீதக் கடன் 5.4 ஆவதற்கு மேல் எதுவும் ஆகாது. மாப்பிள்ளை, வரிக் கழிவுகளை அறிவிக்கும் உங்கள் ஈ.டி.எஃப் படிவத்தில் வட்டிக்கு 237,000 போடுங்கள், வேலை கொடுத்தவரிடம் ஜூலையிலேயே கொடுத்துவிட்டால் மாதா மாதம் வரிப்பிடித்தம் குறையும். விட்டுவிட்டால் ரிட்டர்னுக்குப் பிறகுதான் பணம் திரும்பும்.