தேதி போன டிடி, தேதி போன செக்: கவுண்டரில் எங்கே சிக்குகிறது?

சலான்சாமி
கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்த 24,000 ரூபாய் டிடி. தேதி மார்ச் 12. கல்லூரி ஆபீஸ் டிராயரிலேயே கிடந்து ஜூன் 20-ந்தேதிதான் அவர்கள் வங்கிக்குப் போயிருக்கிறது. மூன்று மாதம் தாண்டியதால் திரும்பிவிட்டது. பையன் அதை எடுத்துக்கொண்டு, தேதியைப் புதுப்பிக்க டிடி கொடுத்த கிளைக்கு வந்தான். 2018 செப்டம்பர் 15-லிருந்து வாங்கியவர் பெயரும் டிடியின் முகப்பில் அச்சாகிறது; அதில் அப்பா பெயர் இருந்தது. அதனால் அப்பா கையெழுத்திட்ட கடிதம் கேட்டார்கள். பையன் அதையும் வாங்கி வந்தான்.

மறுபடி சிக்கியது வேறு இடத்தில். கிளார்க் டிடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகப்பில் குறுக்கே கல்லூரி வங்கியின் கிராசிங் முத்திரை, பின்பக்கம் கல்லூரியின் கையெழுத்தும் சீலும். "இதை அவங்க கேன்சல் பண்ணித் தரணும் தம்பி." அந்த முத்திரை இருக்கும்வரை, வசூலுக்குப் போன டிடி இன்னும் அந்த வங்கி கையில் இருப்பதாகத்தான் அர்த்தம். அங்குள்ள அதிகாரி 'எங்கள் முத்திரை ரத்து' என்று எழுதி, கையெழுத்தும் சீலும் போட வேண்டும். திரும்பிய டிடியை வாங்கும்போதே கேட்டிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும்.

மேலூரான்
டிடி ஆறு மாசம் செல்லுமே? செக்குக்குத்தான் மூணு மாசம். அப்புறம், செக் பழசானாலும் பேங்க்ல கொடுத்தா புதுத் தேதி போட்டுத் தருவாங்க.

லெட்ஜர் அக்கா
ரெண்டுமே தப்பு மேலூரான். ஆறு மாசம் என்பது பழைய கணக்கு. 2012 ஏப்ரல் 1-லிருந்து செக், டிடி, பே ஆர்டர் எல்லாத்துக்கும் தேதியிலிருந்து மூணு மாசம்தான்.

செக்கைப் பேங்க் புதுப்பிக்காது. எழுதினவர்தான் பழைய தேதியை அடிச்சு, புதுத் தேதி எழுதி, பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போடணும். முதலெழுத்து மட்டும் போட்டா திரும்பும். இரண்டு பேர் கையெழுத்திடற கணக்குன்னா திருத்தத்திலும் இரண்டு பேரும் போடணும். செக்கை ஸ்கேன் பண்ணி அதன் படத்தை மட்டும் அனுப்பற சிடிஎஸ் முறையில் பெயரையோ தொகையையோ திருத்தின செக் செல்லாது. தேதிப் புதுப்பிப்புக்கு மட்டும்தான் விதிவிலக்கு. அப்படியும் ஸ்கேனில் தேதிக் கட்டம் கசகசன்னு தெரிஞ்சா திருப்பிடறாங்க. புது செக் கேட்டு வாங்கறதுதான் நிம்மதி. யார் பேருக்கு செக்கோ அவரே தேதியைத் திருத்தினா அந்த செக்கே செல்லாமப் போகும்.

டிடி அப்படி இல்லை. பணம் ஏற்கனவே பேங்க் கிட்ட இருக்கு, அதனால தேதியைப் புதுப்பிக்கறதும் பேங்க்தான். அசல் டிடி, வாங்கினவர் கடிதம், கடிதத்தில் டிடி எண், தேதி, தொகை, யார் பேருக்கு என்ற விவரம். அதிகாரிகள் முகப்பிலேயே புதுத் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவாங்க. பெரும்பாலும் ஒரு தடவைதான் செய்வாங்க. சலான்சாமி சொன்ன மாதிரி முத்திரை மேல முத்திரை விழுந்த டிடின்னா நான் புதுப்பிக்கவே சொல்ல மாட்டேன். கேன்சல் பண்ணிக் கணக்கில் வரவு வெச்சு, புதுசா எடுங்க. கமிஷன் இரண்டாம் தடவை போகும், கேன்சல் கட்டணமும் பிடிப்பாங்க. ஆனா கிளியரிங்கில் மறுபடி சந்தேகம் வராது.

பேனாமுள்
என் டிடி தொலைஞ்சே போச்சு. அதுக்கும் இதே கடிதம் போதுமா?

லெட்ஜர் அக்கா
அது வேற கதை. தொலைஞ்சா டூப்ளிகேட் கேட்கணும், பின்னால பேங்குக்கு நஷ்டம் வந்தா நானே ஈடு கட்டறேன்னு இன்டெம்னிட்டி பாண்டு எழுதிக் கொடுக்கணும். கையில் டிடி இருக்கிறவங்க அந்தப் பாண்டுக்காக அலைய வேண்டாம்.

மேலூரான்
சரி, மூணு மாசம் ஒத்துக்கறேன். வாங்கினவர் இறந்துட்டா? யார் பேருக்கு டிடியோ அவரே போய்ப் புதுப்பிக்க முடியாதா?

சலான்சாமி
பெறுபவர் நேரே வந்தால் "வாங்கியவரை அனுப்புங்க" என்றுதான் சாதாரணமாகச் சொல்வார்கள். வாங்கியவர் இறந்திருந்தால் கேன்சலுக்கு வாரிசு ஆவணங்கள் வரும். ஆனால் பணம் பெறுபவருக்குச் சேர வேண்டியதுதானே, கேன்சல் செய்து வாரிசுக்குக் கொடுத்தால் அவர் சும்மா இருப்பாரா? பெறுபவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கச் சொல்லும் மேனேஜர்களும் உண்டு.

லெட்ஜர் அக்கா
அதில் ஒரே பதில் கிடையாது. நான் பெறுபவர் கடிதம் இல்லாம தொடமாட்டேன், அவ்வளவுதான்.

பேனாமுள்
2009 டிடி ஒண்ணு பெட்டியில் கிடைச்சா பணம் போச்சா?

சலான்சாமி
போகாது. பத்து வருடம் யாரும் கேட்காத டிடி பணத்தை வங்கி ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்கு அனுப்பிவிடும். நீங்கள் வங்கியிடமே கேட்கலாம். அவர்கள் கொடுத்துவிட்டு நிதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். டிடியை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள், பின்பக்கம் எழுத இடம் வேண்டும்.