வேர்க்கடலை சாப்பிட்ட பத்தே நிமிடத்தில் வாந்தி: ஒவ்வாமையா, செரிமானக் கோளாறா?

நீலவானம்:
என் தம்பிக்கு நடந்ததை எழுதுகிறேன். இதே போன்ற அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியில் பாதிதான் சாப்பிட்டிருப்பான். முதலில் நாக்கும் அண்ணமும் அரிப்பதாகச் சொன்னான். பத்து நிமிடத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டான். அடுத்தடுத்து வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை. எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். அன்றிரவு பார்த்த மருத்துவர், கெட்டுப்போன உணவாக இருக்கும் என்று வாந்தி நிற்க மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஆனால் அதே புட்டியிலிருந்து நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். “உனக்குப் பால் மாதிரி அவனுக்குக் கடலை, அவ்வளவுதான்” என்கிறார் அம்மா. இரண்டும் ஒன்றுதானா?

கோடைமழை:
எனக்கும் வேர்க்கடலை ஆகாது. சாப்பிட்ட அன்று மாலை முழுக்க வாயுத் தொல்லை. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவைத்தால் பாதித் தொல்லை குறைகிறது. தம்பிக்கும் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள். பாலையும் நான் அப்படித்தான் பழக்கிக்கொண்டேன். இப்போது அரை தம்ளர் தாங்குகிறது.

வலதுகரை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வாமைப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கோடைமழை தன் வயிற்றைப் பற்றிச் சொன்னது சரிதான். பயறு வகைகளில் நம்மால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் இருக்கின்றன. ஊறவைத்த தண்ணீரோடு அவற்றில் ஒரு பகுதி போய்விடும். அந்த யோசனை தம்பிக்குப் பொருந்தாது.

நீலவானம், உங்கள் பாலை முதலில் எடுத்துக்கொள்வோம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதி உங்கள் சிறுகுடலில் குறைவாக இருக்கலாம். உடையாத சர்க்கரை பெருங்குடல் வரை பயணம் செய்ய வேண்டும். அங்கேதான் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயு உண்டாக்குகின்றன. அதனால்தான் உப்புசம் வர நேரம் பிடிக்கிறது, வாந்தியைவிட வாயுவும் பேதியும் அதிகம். அளவும் முக்கியம். ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. நொதி குறைந்தவர்களில் பலர் அந்த அளவைக்கூடத் தாங்கிவிடுவார்கள், அதுவும் மற்ற உணவோடு சேர்த்துக் குடித்தால். இதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே இல்லை. அவதி உண்டு, உயிருக்கு ஆபத்து இல்லை.

தம்பிக்கு நடந்தது வேறு. வேர்க்கடலையின் சில புரதங்களை அவன் உடம்பு எதிரியாக நினைத்து, அவற்றுக்கென்றே எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கலாம். மருத்துவ அறிக்கையில் அது IgE என்று இருக்கும். தோலில், மூச்சுக்குழாயில், வயிறு குடல் சுவர்களில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு மண்டலச் செல்களின் மேல் இந்த எதிர்ப்பொருள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருட்களைக் கொட்டிவிடும், அதுவும் சில நிமிடங்களில். குடல் தசை இறுகிச் சுருங்குவதால் அந்தப் பிடுங்கும் வலி. சுவரில் நீர் கசிகிறது, அங்குள்ள நரம்புகள் மூளைக்கு வாந்தி எடுக்கச் சொல்லித் தகவல் அனுப்புகின்றன. உணவு செரிக்க வேண்டும் என்றோ பெருங்குடலுக்குப் போக வேண்டும் என்றோ காத்திருக்கத் தேவையில்லை. வேர்க்கடலையின் முக்கியமான புரதங்கள் வயிற்று அமிலத்துக்கும் எளிதில் உடையாது, வறுத்தாலும் அழியாது. வேகவைத்துக் கொடுப்பது பாதுகாப்பல்ல என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நீலவானம்:
தோலில் தடிப்பே இல்லையே, அக்கா? அதை வைத்துத்தானே மருத்துவர் ஒவ்வாமை இல்லை என்றார்.

வலதுகரை:
தடிப்பு இல்லாமலும் வரும். நான் கவனித்தது வேறு. அரை ரொட்டி என்ற சிறிய அளவு, முதலில் வாய் அரித்தது, பத்து நிமிடம், நிறுத்தாமல் வாந்தி. எல்லாவற்றையும்விட நின்றதும் கண் இருட்டியது. இரத்த அழுத்தம் இறங்கியதால் அப்படி ஆகியிருக்கலாம். அப்படியானால் அது வயிற்றுக் கோளாறல்ல, அனஃபிலாக்சிஸ் என்ற முழு உடல் ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அரிப்புக்கான மாத்திரை அந்த இடத்தை நிரப்பாது. வாந்தி மாத்திரையும் நிரப்பாது. மறுபடி நடந்தால் அவனை எழுப்பி நடக்க வைக்காதீர்கள். காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், வாந்தி இருந்தால் ஒருபக்கமாக. உடனே அவசர உதவியை அழையுங்கள். தெளிந்துவிட்டான் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது; சில மணி நேரம் கழித்துத் திரும்பி வருவதுண்டு.

ஒற்றைப்பனை:
என் கதை இதில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்கு இறால். பல வருடம் ஆசையாகச் சாப்பிட்டவன், நடுவயதில் தொடங்கியது. சாப்பிட்டவுடன் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் தாங்க முடியாத வலி, பிறகு வயிறு காலியாகும்வரை வாந்தி. அரிப்பு, வீக்கம் எதுவும் கிடையாது. தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் இறாலுக்கு எதிர்மறை. ஆகவே ஒவ்வாமை இல்லை என்றார்கள். மறுபடி சாப்பிட்டேன், மறுபடி அதே. இறாலில் உள்ள அயோடின்தான் காரணம் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

வலதுகரை:
அயோடினை விட்டுவிடுங்கள். இறால், நண்டு ஒவ்வாமையில் பெரும்பாலும் சிக்குவது அவற்றின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். அதுவும் கொதிக்க வைத்தாலும் நிற்கும்.

ஆனால் உங்கள் நேரக் கணக்குதான் என்னை யோசிக்க வைக்கிறது. இந்த IgE இல்லாமலே குடலில் மட்டும் நடக்கும் ஒரு நோய் எதிர்ப்பு எதிர்வினை இருக்கிறது. கைக்குழந்தைகளிடம்தான் அதிகம் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு வரும்போது கடல் உணவுதான் அடிக்கடி காரணமாகிறது. ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் தொடங்கும், பரிசோதனைகள் பெரும்பாலும் எதிர்மறையாகவே வரும். கேட்க வெறும் ஒத்துக்கொள்ளாமை போலத் தோன்றினாலும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இறாலில் கிருமி இருந்திருக்கலாம் என்பதையும் விலக்க வேண்டும். அதே உணவைப் பகிர்ந்தவர்களுக்கு என்ன ஆனது, மீன் சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒற்றைப்பனை:
பகிர்ந்த யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. மீன் பிரச்சினை தருவதில்லை. நண்டு இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

வலதுகரை:
வீட்டில் தொட்டுப் பார்க்க வேண்டாம். சோதிக்க வேண்டுமென்றால் மருத்துவமனையில், கண்காணிப்பில்.

நீலவானம்:
ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். பரிசோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே அரிப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் முடிவு பொய்யாகிவிடுமாம். முன்கையில் துளித்துளியாக வைத்துக் குத்தி, கால் மணி நேரம் காத்திருந்தோம். வேர்க்கடலை வைத்த இடத்தில் கொசு கடித்தது போல வெளுத்து வீங்கியது, 8 மில்லிமீட்டர் என்று அளந்தார்கள். 3 இருந்தாலே கணக்கில் எடுப்பார்களாம். வீக்கம் மட்டும் இருந்தால் ஒவ்வாமை என்று முடிவு கட்டிவிட மாட்டோம், நடந்த சம்பவமும் பொருந்துவதால்தான் உறுதியாகச் சொல்கிறோம் என்றார் மருத்துவர். அட்ரினலின் ஊசிக் கருவி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“வேர்க்கடலை கலந்திருக்கலாம்” என்று உறையில் போட்ட பிஸ்கட்டுகளை அவன் இதுவரை தொல்லையின்றிச் சாப்பிட்டிருக்கிறான். அதையும் நிறுத்த வேண்டுமா?

கோடைமழை:
பழக்கச் சொன்னது என் வயிற்றை வைத்துத்தான். தம்பிக்கு வேண்டாம். பிஸ்கட் விஷயம் எனக்கும் தெரிய வேண்டும், என் அண்ணன் மகளுக்கு முந்திரி ஆகாது.

வலதுகரை:
அந்த வரியை வைத்து எவ்வளவு கலந்திருக்கும் என்று கணக்கிட முடியாது. ஒரு பொட்டலத்தில் இல்லாதது அடுத்த பொட்டலத்தில் இருக்கலாம். இதில் மருத்துவர்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. சிலர் முழுவதும் விலக்கச் சொல்வார்கள், சிலர் நோயாளியின் முந்தைய எதிர்வினையைப் பார்த்து முடிவு செய்வார்கள். கண் இருட்டிய வரலாறு இருப்பதால், அடுத்த சந்திப்பில் கேட்கும்வரை நிறுத்தி வையுங்கள். ஊசிக் கருவி பையில் இருக்கட்டும், அலமாரியில் அல்ல.