விசேஷத்தில் மிஞ்சிய சாப்பாடு: இரவுக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

நிழற்குடை:
அடுத்த வாரம் வீட்டில் விசேஷம், 300 பேருக்குச் சமையல். பகல் 11.30க்கு அடுப்பிலிருந்து இறக்குவார்கள், 2.30க்குப் பந்தி முடியும். மிஞ்சும் சோறு, குழம்பை முதியோர் இல்லத்துக்கு இரவு 7.30 சாப்பாட்டுக்குக் கொடுக்க நினைக்கிறோம். எப்படிக் கட்டினால் கெடாமல் இருக்கும்?

மொட்டைமாடி:
இதில் என்ன பெரிய விஷயம்? மூடி போட்ட டப்பாக்களில் அடைத்துக் கொடுங்கள், அங்கே நன்றாகச் சூடு பண்ணிச் சாப்பிடட்டும். கொதிக்க வைத்தால் எந்தக் கிருமியும் சாகும். கெட்டிருந்தால் மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஆளாளுக்குப் பயமுறுத்தியே பாதிச் சாப்பாடு குப்பைக்குப் போகிறது.

அடுப்படி:
கிருமி சாகும் என்பது பாதிதான் சரி. சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் வேகவைத்த பிறகும் வித்தாக உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி ஒரு நச்சை விட்டுவிடும், அந்த நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. வாசனையும் மாறாது, ருசியும் மாறாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். கறிக் குழம்பில் வருவது வேறு ஒன்று, கிளாஸ்ட்ரிடியம். பெரிய அண்டாவில் மெல்ல ஆறும் கெட்டிக் குழம்பு அதற்கு மிகவும் பிடித்த இடம், 45 டிகிரி செல்சியஸ் பக்கம் மிக வேகமாகப் பெருகும். அதில் வயிற்றுவலியும் பேதியும் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். கொடுத்தவர் வீட்டுக்கு யாரும் போன் போட்டுச் சொல்லப்போவதில்லை, அதனால்தான் "நாங்கள் எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் இத்தனை பேர்.

நிழற்குடை சொன்ன நேரத்தையே எடுத்துக்கொள்வோம். 11.30க்கு இறக்கியது, 7.30க்குச் சாப்பிடுவது, நடுவே எட்டு மணி நேரம். இந்த எட்டு மணி நேரமும் சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருந்தால் பிரச்சினை இல்லை, 5 டிகிரிக்குக் கீழே இருந்தாலும் இல்லை. நடுவில் கிடப்பதுதான் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் சமையல் தொழிலுக்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நடுச் சூட்டில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் குளிரில் வைக்கலாம், இரண்டிலிருந்து நான்கு என்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், நான்கைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். பரிமாறும்போது திறந்து கிடந்த நேரமும் இதில் சேரும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கரண்டி:
நல்ல வேளை இந்தக் கேள்வி வந்தது. எங்கள் வீட்டில் நேற்று வைத்த குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, நாளைக்குச் சாப்பிடலாமா? ஒரு சின்னப் பாத்திரம்தான்.

அடுப்படி:
சூடு தணிந்ததும் உள்ளே வைத்திருந்தால் சாப்பிடலாம்ங்க, கொதிக்க வையுங்கள். ஆனால் சின்னப் பாத்திரத்தை வைத்து அண்டாவைக் கணக்குப் போடாதீர்கள். அண்டாவை அப்படியே குளிர்பெட்டியில் தள்ளினால் ஓரம் சில்லென்று ஆகும், நடுவில் கை வைத்தால் பல மணி நேரம் கழித்தும் சுடும். கூடவே பெட்டியில் இருக்கும் மற்ற பொருளையும் சூடாக்கிவிடும்.

நேர்க்கோடு:
சரி, அப்போ கொடுக்காமலே இருப்பதுதான் நல்லது என்கிறேன் நான். முதியோர் இல்லம் என்கிறார். அங்கே ஒருவருக்குப் பேதி வந்தால் நம் வீட்டு ஆளுக்கு வருவது போலக் கடந்துபோகாது, நீர்ச்சத்து குறைந்தால் ஆஸ்பத்திரிதான். மிச்சத்தை அனுப்பிவிட்டுப் புண்ணியம் தேடுவதற்கு, அந்த இல்லத்துக்கென்று தனியாகப் புதிதாகச் சமைத்துக் கொடுக்கலாமே? இல்லையென்றால் அரிசியாகவே கொடுங்கள்.

அடுப்படி:
பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிச்சம் எல்லாம் ஒன்றல்ல. இலைக்குப் போய் வந்தது, பரிமாறும் வாளியில் இருந்தது, விருந்தினர் கை பட்ட மேசையில் இருந்தது எதுவும் தானத்துக்கு வேண்டாம். சமையற்கட்டில் திறக்காமல் இருக்கும் அண்டா வேறு கதை. அதனால் நான் செய்யச் சொல்வது இதுதான்: பந்தி முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு மணி வாக்கிலேயே எத்தனை பேர் சாப்பிட்டாயிற்று என்று தெரிந்துவிடும், அப்போதே சமையல்காரரிடம் "இந்த அண்டாவைத் தொடாதீர்கள்" என்று சொல்லி ஒதுக்குங்கள். இல்லத்துக்கும் அப்போதே போன் போட்டு, இரவுக்குப் பதில் நாலு மணிக்கே தரலாமா என்று கேளுங்கள். முதியோர் இல்லங்களில் பெரும்பாலும் சீக்கிரம் சாப்பிடுவார்கள், ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

குழம்பு எளிது. மெல்லிய தீயிலேயே வைத்திருந்து, கிளம்புவதற்கு முன் அடிவரை கிளறிக் கொதிக்கவிட்டு, சூடு தாங்கும் கேனில் கழுத்துவரை ஊற்றி மூடுங்கள். கேனில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் வைத்துக் கொட்டிவிட வேண்டும். அரைக் கேன் ஊற்றினால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், சின்ன கேனாக எடுத்து நிரப்புங்கள். சோறுதான் சிக்கல். அண்டாவின் நடுவில் குத்துகிற தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், ஓரத்திலும் மேலேயும் பாருங்கள். நடுவில் 70 காட்டும், மேலே ஒரு சாண் அகலத்துக்கு 45 காட்டும். அந்த 45 எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது என்றால் மேல் அடுக்கை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே சூடாக இருப்பதை மட்டும் எடுங்கள்.

மொட்டைமாடி:
தெர்மாமீட்டருக்கு நான் எங்கே போவேன்? விசேஷ வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? கை வைத்துப் பார்த்தால் போதாதா?

அடுப்படி:
போதாது அண்ணா. 50 டிகிரியே கைக்கு நல்ல சூடு, தொட்டவுடன் கையை எடுத்துவிடுவீர்கள். "நல்லா சுடுதே" என்று நினைக்கிற இடத்தில்தான் கிருமிக்குக் கல்யாணம். பேனா மாதிரி மின்னணு தெர்மாமீட்டர் கிடைக்கிறது, சமையல் குழுவிடமே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது துடைத்துவிட்டுக் குத்த வேண்டும், அவ்வளவுதான்.

நிழற்குடை:
நாலு மணிக்கு அவர்களால் முடியாது என்றால்? 7.30தான் என்று நின்றால்?

அடுப்படி:
அப்போ சூடாகக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிட்டு ஆற வைக்க வேண்டும், அதுவும் வேகமாக. இப்படி ஆற வைப்பதற்கு நேரக் கணக்கு வேறு, மேலே சொன்ன இரண்டு, நான்கு மணி நேரக் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்றரை மணிக்கு ஒதுக்கிய சோற்றை அகலமான தட்டுகளில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். 20 கிலோ சோற்றுக்குப் பெரிய தட்டு நாலாவது வேண்டும். மூடாமல் மின்விசிறிக்குக் கீழே, ஈ வராத இடத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு வந்துவிட வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5க்கு. அறையே 30 டிகிரி என்றால் விசிறி மட்டும் போதாது, தட்டை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் மூடிக் குளிர்பெட்டி, அங்கே போய் நடுவில் 75 வரும்வரை சூடாக்கல், ஒரே ஒரு தடவை. உங்களிடம் அவ்வளவு தட்டும் குளிர்பெட்டி இடமும் இல்லை என்றால், நேர்க்கோடு சொன்னதுதான் சரி, சோற்றைக் கொடுக்காதீர்கள்.

சூடான சோற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பையில் கட்டுவதை மட்டும் செய்ய வேண்டாம். டப்பாவுக்குள் வியர்த்து, நடுவில் இருக்கும் டப்பாக்கள் மாலைவரை வெதுவெதுப்பாகவே இருக்கும். பால் சேர்த்த இனிப்பும், சமைக்காத காய்கறிக் கலவையும் எந்த வழியிலும் வேண்டாம். கையுறை இல்லாமல் கையால் அள்ளவும் வேண்டாம், தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸும் சூட்டுக்கு அழியாத நச்சை விடும். ஒவ்வொரு கேன் மேலும் சமைத்த நேரம், கிளம்பிய நேரம், நிலக்கடலை, பால், முட்டை எது சேர்ந்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

நேர்க்கோடு:
எழுதி ஒட்டினாலும் அங்கே யார் படிக்கப் போகிறார்கள்? இவ்வளவு வேலைக்குச் சமையல் அளவைக் குறைத்துவிட்டுப் போகலாம். 300க்கு 300 சமைக்கச் சொல்லாமல், 240க்கு முதல் அடுப்பு, தேவைப்பட்டால் இரண்டாவது என்று சொல்லிப் பாருங்கள்.

மொட்டைமாடி:
குறைந்துபோனால் விருந்தாளி முகத்தில் எப்படி முழிப்பது? அதை யோசித்தீர்களா?

நிழற்குடை:
இரண்டு அடுப்புக்குச் சமையல்காரர் ஒத்துக்கொள்கிறாரா என்று நாளைக்குக் கேட்கிறேன். இல்லத்திடம் நாலு மணி பற்றியும் பேசுகிறேன். குழம்பு மட்டும் என்றால் போகலாம் போலத் தெரிகிறது, சோற்றை அவர்களே வடித்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுவிடுகிறேன்.