பிளாஸ்டரோடு தோலும் வந்தது: பிறந்த குழந்தையின் கொப்புளம், உங்கள் அனுபவம் என்ன?

தாளில் புள்ளி வைப்பவன்

எங்கள் மகள் பிறந்து இன்றோடு 12 நாள். முதல் நாள் கையில் ஊசி போட்டு ஒட்டியிருந்த பிளாஸ்டரை மறுநாள் காலை நர்ஸ் எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோலும் கூடவே வந்துவிட்டது. அன்று மாலைக்குள் ஒரு குதிகாலில் கொப்புளம். கணுக்காலில் பெயர்ப்பட்டை கட்டிய இடத்தில், வளையல் போட்டதுபோல வரிசையாக இன்னும் சில.

தொற்று என்றார்கள். ஆன்டிபயாடிக், கூடவே ஹெர்பிஸுக்கான மருந்தும் ஆரம்பித்தார்கள். காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடித்தாள். ஆனாலும் தினமும் புதுக் கொப்புளம். ஐந்தாம் நாள் கல்ச்சரில் ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்ந்தது. "பார்த்தீர்களா, தொற்றுதான்" என்று மருந்தை மாற்றினார்கள். எதுவும் நிற்கவில்லை.

எட்டாம் நாள் வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே ஒருவர் இரண்டு குதிகாலையும் பார்த்துவிட்டு, "சுடுதண்ணீரில் காலை வைத்தீர்களா?" என்றார். குழந்தை இன்னும் வீட்டு வாசலையே பார்க்கவில்லை, ஒரு தடவைகூடக் குளிப்பாட்டவில்லை. என் மனைவி அன்று முழுவதும் பேசவில்லை.

அன்றிரவு ஒரு தாளில் குழந்தையின் உருவத்தை முன்னும் பின்னுமாக வரைந்தேன். ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி, அந்த இடத்தில் என்ன பட்டது என்ற குறிப்பு. பழையதையெல்லாம் மனைவி நினைவிலிருந்து சொன்னாள். மொத்தம் 23 புள்ளி. அதில் 19க்கு எங்களால் காரணம் எழுத முடிந்தது: டயபரின் இலாஸ்டிக், தூக்கும்போது கை வைத்த அக்குள், விரிப்பில் உதைத்த குதிகால், பாட்டில் நிப்பிள் உரசிய மேல் உதடு. எதுவும் படாத வயிற்றில் ஒன்றுகூட இல்லை.

நேற்று வந்த தோல் மருத்துவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். லேசாக உரசினாலே தோல் கொப்பளிக்கும், பரம்பரையாக வரும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசாவாக இருக்கலாம், ஈ.பி. என்பார்கள் என்றார். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால், எதை வைத்து உறுதி செய்தார்கள்? முதலில் எடுத்த பயாப்ஸி ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி டியூட்டி

பிறந்த குழந்தைகள் வார்டில் 14 வருடமாக நர்ஸ். அந்தத் தாளை விடாதீர்கள் சார். வெந்நீர்க் காயம், தொற்று, ஈ.பி. மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

வெந்நீர்க் காயத்துக்கு ஒரே நேரம்தான். கொப்புளம் எல்லாம் ஒரே வயதில் இருக்கும். தண்ணீர் எதுவரை போனதோ அதுவரை ஒரு விளிம்பு தெரியும். அப்புறம் நாளாக ஆக ஆறத்தான் செய்யும், புதிதாக வராது. உங்கள் மகளுக்கு ஒன்று ஆறி, ஒன்று பொருக்காகி, ஒன்று இன்று காலை வந்ததாக இருக்கிறது. அதுவும் மருத்துவமனைக் கட்டிலில், எங்களைப் போன்றவர்கள் கண் முன்னால். இந்த ஒன்றை எழுதிக் காட்டியிருந்தாலே அந்தக் கேள்வி வந்திருக்காது.

ஸ்டாஃப் கிருமியின் நஞ்சால் தோல் உரியும் நோயையும் பார்த்திருக்கிறேன். அதில் குழந்தையின் தோல் பரவலாகச் சிவந்து, தொட்டாலே வீறிடும். வாயைச் சுற்றி வெடிக்கும், ஆனால் வாய்க்குள் புண் இருக்காது. சரியான மருந்து போனால் இரண்டு மூன்று நாளில் அடங்கத் தொடங்கும். ஈ.பி.யில் கொப்புளங்களுக்கு நடுவே இருக்கும் தோல் சாதாரணமாகத் தெரியும், பல குழந்தைகளுக்கு வாய்க்குள்ளும் புண் வரும். தேய்த்தால் தோல் வழுக்குகிறதா என்று சிலர் சோதிப்பார்கள். இரண்டிலும் வழுக்கும், அதனால் அது பிரித்துக் காட்டாது. குழந்தைக்குப் புண் ஒன்று கூடுவதுதான் மிச்சம்.

கல்ச்சரில் வளர்ந்ததும் எனக்கு ஆச்சரியமில்லை. திறந்த புண் எதுவானாலும் அந்தக் கிருமி வந்து உட்காரும். அது பின்னால் வந்த விருந்தாளி.

ஹெர்பிஸ் மருந்து கொடுத்தது மட்டும் சரி. அந்தச் சோதனை முடிவு வரும்வரை நிறுத்தச் சொல்லாதீர்கள். சிவந்த அடிப்பாகத்தில் கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளம், சில மணி நேரத்தில் குழந்தை துவண்டு போவது என்று ஒரு தடவை பார்த்தேன். அதைத் தவறவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

மூன்று பேரனின் பாட்டி

தம்பி, நான் சொல்வது சுலபம். உள்ளே தெளிந்த தண்ணீர் என்றால் தொற்று இல்லை, கலங்கிச் சீழாக இருந்தால் தொற்று. எதுவானாலும் உடைக்கக் கூடாது. தானாக வற்றிவிடும்.

ராத்திரி டியூட்டி

பாட்டிம்மா, பாதி சரி. ஹெர்பிஸ் கொப்புளமும் முதலில் தெளிவாகத்தான் இருக்கும். ஈ.பி.யிலோ ரத்தம் கலந்து கறுத்தும் வரும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

உடைக்கக் கூடாது என்பது மற்றவர்களுக்குச் சரி, இந்தக் குழந்தைகளுக்கு இல்லை. இவர்கள் தோலில் பிடிமானம் குறைவு. உள்ளே தண்ணீர் அழுத்த அழுத்த விளிம்பு நகர்ந்துகொண்டே போகும், காலையில் பட்டாணி அளவில் இருந்தது இரவில் உள்ளங்கையை மூடும். அதனால் கிருமி நீக்கிய ஊசியால் தாழ்வான பக்கத்தில் குத்தி, மெதுவாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுவோம். மேல்தோலைக் கிள்ளி எடுக்க மாட்டோம், அதுவே புண்ணுக்கு மூடி. வார்டில் காட்டித் தந்த பிறகு வீட்டில் செய்யலாம்.

முதல் பையன்

எங்கள் பையன் பிறக்கும்போதே மணிக்கட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. பயந்துபோனோம். ஒரு வாரத்தில் தானாகப் போய்விட்டது, இப்போது ஓடி விளையாடுகிறான். கவலைப்படாதீர்கள் அண்ணா, இதுவும் போய்விடும்.

உள்பக்கம் வெளியே

அது வேறு. வயிற்றுக்குள் இருக்கும்போதே குழந்தை தன் கையைச் சப்பியதால் வருவது. ஒன்று அல்லது இரண்டு, வாய்க்கு எட்டும் இடத்தில், பிறந்த பிறகு புதிதாக வராது. இங்கே கேட்பது அதைப் பற்றி இல்லை.

என் மகளுக்கு ஆறு வயது, ஈ.பி.யில் சிம்ப்ளெக்ஸ் என்ற வகை. கெரட்டின் 14 ஜீனில் மாற்றம். அவளையும் முதல் வாரம் இன்குபேட்டரில்தான் வைத்தார்கள், தொற்றிலிருந்து காக்கிறோம் என்று. சூடும் ஈரமும் சேர்ந்து கொப்புளம் இரட்டிப்பானது. நிறைமாதக் குழந்தை, மூச்சுத் திணறலோ வேறு காரணமோ இல்லை. வெளியே எடுத்துச் சாதாரணத் தொட்டிலில் போட்டதும் குறைந்தது. உங்கள் மகள் எதில் இருக்கிறாள் என்று பாருங்கள்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை இன்றே நிறுத்துங்கள். மெத்தென்ற விரிப்போடு சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கை கழுத்துக்கடியில், ஒரு கை பிட்டத்துக்கடியில், சறுக்காமல் தூக்குங்கள். பெயர்ப்பட்டையைக் காலிலிருந்து எடுத்துத் துணியில் மாட்டச் சொல்லுங்கள். தொப்புளில் பிளாஸ்டிக் கிளிப் இருந்தால் நூலால் கட்டிவிட்டு அதை எடுப்பார்கள். புண்ணுக்கு ஒட்டாத சிலிக்கோன் டிரெஸ்ஸிங்தான், தோலில் பிளாஸ்டர் படவே கூடாது. சட்டையைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுங்கள். பார்க்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். என் பெயரே அப்படி வந்ததுதான்.

ஒன்று கேட்க வேண்டும். ஆறின இடத்தில் தழும்பு விழுகிறதா? எங்களுக்கு விழவில்லை. அதனால் சிம்ப்ளெக்ஸ் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கண்ணாடித் தகடு

அக்கா, உங்களுக்கு அது பொருந்திவிட்டது, அவ்வளவுதான். முதல் மாதத்தில் பார்வையால் வகை சொல்வது ஆபத்து. லேசான வகையும் ஆரம்பத்தில் பயங்கரமாகத் தெரியும், கடுமையான வகையும் சில நாள் அடக்கமாக இருக்கும். நான் தோல் பயாப்ஸி பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

உங்கள் முதல் பயாப்ஸி எதிலிருந்து எடுத்தார்கள், எந்தத் திரவத்தில் அனுப்பினார்கள்?

தாளில் புள்ளி வைப்பவன்

மூன்று நாள் பழைய குதிகால் கொப்புளம். ஃபார்மலின் என்று சீட்டில் இருக்கிறது.

கண்ணாடித் தகடு

அங்கேதான் போய்விட்டது. பழைய கொப்புளத்தின் அடியில் புதுத்தோல் வளரத் தொடங்கியிருக்கும், பிளவு எந்த அடுக்கில் விழுந்தது என்பதே மாறித் தெரியும். அந்த அடுக்கைக் காட்டுவது ஒளிரும் சாயச் சோதனை, ஃபார்மலினில் போட்ட துண்டில் அதைச் சரியாகச் செய்ய முடியாது.

புதுக் கொப்புளம் வேண்டும். நல்ல தோல் உள்ள இடத்தில் பென்சில் ரப்பரை வைத்து, லேசாக அழுத்தித் திருகுவார்கள். சிவந்ததும் நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அந்த இடத்தின் விளிம்பிலிருந்து ஒரு துண்டு எடுப்பார்கள். அது மைக்கேல் திரவத்தில் வர வேண்டும். தோலின் அடுக்குகளைப் பிடித்து வைக்கும் புரதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒளிரும் சாயம் போட்டு, அவை கொப்புளத்தின் கூரையில் இருக்கின்றனவா, தரையில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். எல்லாம் தரையில் கிடந்தால் பிளவு மேல்தோலுக்குள்ளேயே, அதாவது சிம்ப்ளெக்ஸ். எல்லாம் கூரையோடு போயிருந்தால் பிளவு ஆழத்தில், டிஸ்ட்ரோஃபிக். சில மேலும் சில கீழுமாகப் பிரிந்தால் ஜங்ஷனல். வெந்த தோலுக்கோ கிருமி வந்த தோலுக்கோ இந்தப் புரதங்களில் பிறவிக் குறை இருக்காது. ஜீன் சோதனைக்கு ரத்தமும் சேர்த்தே கொடுங்கள், அது வர வாரங்கள் ஆகும்.

தாளில் புள்ளி வைப்பவன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ரப்பர் வைத்துத்தான் எடுத்தார்கள். பக்கத்தில் நிற்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன், மனைவி நின்றாள். ஹெர்பிஸ் இல்லை என்று வந்து அந்த மருந்து நின்றுவிட்டது.

பயாப்ஸி முடிவு: சாயம் எல்லாம் கூரையில். மேல்தோலை அடித்தோலோடு பிடித்து வைக்கும் கொலாஜன் 7 என்ற புரதம் இருக்கிறது, வெளிச்சமும் ஏறக்குறைய வழக்கமான அளவு. டிஸ்ட்ரோஃபிக், ஆனால் அந்தப் புரதம் அறவே இல்லாத கடும் வகையாகத் தெரியவில்லை என்றார் மருத்துவர். பெற்றோருக்கு இது லேசாக இருந்தால் கால் நகத்தில் மட்டும் தெரியலாம் என்று சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

என் இரண்டு கால் கட்டைவிரல் நகமும் சின்ன வயதிலிருந்தே தடித்து, குட்டையாக, மஞ்சளாக இருக்கும். பந்து விளையாடியதால் என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்கும் அப்படித்தான். அம்மாவிடம் கேட்டால், "உனக்கும் தவழும்போது முழங்கால் அடிக்கடி உரியும், அப்புறம் நின்றுவிட்டது" என்கிறார். 34 வருடமாக இதை யாரும் ஒரு விஷயமாகவே சொன்னதில்லை.

ராத்திரி டியூட்டி

நகத்தில் பூஞ்சை வந்தாலும் அப்படித்தான் இருக்கும் சார். ஜீன் முடிவு வரட்டும்.

கண்ணாடித் தகடு

ஆமாம். உங்கள் ஒருவரிடமிருந்து வந்த மாற்றமா, இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்ததா, இவளுக்குப் புதிதாக உண்டானதா என்பது மூன்று பேர் ரத்தத்தையும் ஒப்பிட்டால்தான் தெரியும். அடுத்த குழந்தைக்கு என்ன வாய்ப்பு என்பதும் அதைப் பொறுத்தே மாறும்.

தாளில் புள்ளி வைப்பவன்

மூன்று பேரும் ரத்தம் கொடுத்துவிட்டோம். நேற்று வீட்டுக்கு வந்தோம். இன்று தாளில் ஒரே ஒரு புள்ளிதான், வலது காதின் பின்புறம். தலைக்கடியில் வைத்த துணியின் தையல் உரசியிருக்கிறது.