தொழில் வரி: மாதக் கழிவு, சம்பள ‘ஸ்லாப்’, ஆண்டுத் தொகை ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள்

சுகந்தி (உவர்மலை):

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் சம்பள மென்பொருளைத் தமிழாக்கும் வேலையில் மூன்று இடங்களில் நிற்கிறேன். வரியின் பெயர் ஒன்று, எவ்வளவு முதல் எவ்வளவு வரை சம்பளத்துக்கு என்ன வரி என்று பிரிக்கிற ‘ஸ்லாப்’ ஒன்று, சம்பளச் சீட்டின் அடியில் வரும் ஆண்டுத் தொகை ஒன்று. இப்போதைக்கு ‘தொழில்வாண்மை வரி’, ‘வரி அடுக்கு’, ‘ஆண்டு வரி’ என்று போட்டிருக்கிறேன். மூன்றும் திருப்தியாக இல்லை. மகாராஷ்டிரத்தில் ஆண்களுக்கு மாதம் 7,500 இந்திய ரூபாய் வரை வரி இல்லை, 10,000 வரை 175, அதற்கு மேல் 200. பெண்களுக்கு 25,000 வரை இல்லை, அதற்கு மேல் 200. 200 கட்டுகிறவர்களுக்குப் பெப்ரவரியில் மட்டும் 300.

நடேசன் (நிலாவெளி):

தங்கச்சி, இது நாங்கள் கடைக்கு உள்ளூராட்சி சபையில் வருஷா வருஷம் கட்டுகிற பணம்தானே? என் மருமகனின் ஹார்ட்வெயார் கடைக்கும் கட்டினோம். அதற்கு ‘வியாபார வரி’ என்று சொல் இருக்கிறது, புதிதாக என்னத்துக்கு?

சுகந்தி:

இல்லை ஐயா, இது கடைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. சம்பளத்துக்கு வேலை செய்கிற கிளார்க்கும் கட்டுகிறார், கொம்பனி அதைச் சம்பளத்தில் பிடித்து மாநில அரசுக்குக் கட்டிவிடுகிறது.

றிஸ்வான் (கிண்ணியா):

சுகந்தி மிஸ், ‘தொழில்வாண்மை வரி’ சரிவராது. அதைப் படிக்கிற நம்மூர் ஆட்கள் டாக்டர், லோயர், எஞ்சினியர் என்று நினைப்பார்கள். மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே நான்கு வகை அடுக்கியிருக்கிறது: உயர்தொழில், வியாபாரம், ஜீவனோபாயத் தொழில், வேலை. நாலாவதான ‘வேலை’யில்தான் உங்கள் சம்பளக்காரர் வருகிறார். தமிழில் ‘தொழில்’ என்ற ஒரே சொல் நாலுக்கும் போதும். தமிழ்நாட்டில் ‘தொழில் வரி’ என்றுதான் சீட்டில் வருகிறது, நானும் சென்னையில் வேலை செய்தபோது கட்டியிருக்கிறேன். அங்கே மாதாமாதம் இல்லை, ஆறு மாத வருமானத்தைப் பார்த்து வருஷத்துக்கு இரண்டு முறை, உள்ளாட்சிக்கு.

தர்ஷன் (உப்புவெளி):

‘வரி அடுக்கு’ நல்ல சொல்தானே, அக்கா? நம் இலங்கை வருமான வரி மாதிரியே எல்லை தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி. மாதம் 150,000க்கு மேலே வருகிற முதல் துண்டுக்குத்தான் 6 வீதம். இங்கேயும் 10,000க்கு மேலே இருக்கிற துண்டுக்குத்தான் 200 என்று நினைக்கிறேன். அடுக்கு அடுக்காக ஏறுகிறது.

றிஸ்வான்:

தம்பி, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், சம்பளத்துக்கு ஏற்ப ஏறுகிறது, அதுவரை சரி. மற்றது தப்பு. நம்மூரில் 160,000 எடுத்தால், எல்லைக்கு மேலே உள்ள 10,000க்கு 6 வீதம், 600 ரூபாய். அங்கே துண்டுக்கணக்கு கிடையாது, வீதமும் கிடையாது. எந்தப் பெட்டிக்குள் சம்பளம் விழுகிறதோ அந்தப் பெட்டிக்கு எழுதிவைத்த தொகை, அவ்வளவுதான். 25,000 எடுக்கிற பெண்ணுக்கு வரி இல்லை. ஒரு ரூபாய் கூடி 25,001 ஆனால் 200 போகும். கையில் வருவது 24,801. சம்பளம் கூடியும் கைக்காசு 199 ரூபாய் குறைகிறது. ‘அடுக்கு’ என்று சொன்னால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டுகிற கணக்குத்தான் மனசில் வரும். உங்களுக்கே வந்துவிட்டது பாருங்கள். ‘வரி வீதம்’ என்றும் எங்கேயும் போட வேண்டாம்.

நடேசன்:

அப்படியானால் ‘படி’ என்று வையுங்கள். சம்பளப்படி.

சுகந்தி:

ஐயா, தமிழ்நாட்டில் பயணப்படி, அகவிலைப்படி என்றால் கொடுக்கிற பணம். கழிவுப் பக்கத்தில் ‘படி’ வந்தால் தலைகீழாகிவிடும். நம் அரச ஊழியருக்கோ படி என்றால் வருடச் சம்பள ஏற்றம். ‘சம்பளப் பிரிவு’ எப்படி?

றிஸ்வான்:

‘பிரிவு’ என்றால் அலுவலகத்தின் சம்பளப் பிரிவு, அதாவது சம்பளம் போடுகிற ஆட்கள் இருக்கிற அறை! நான் கணிதம் படிப்பித்த ஆள், அதனால் எனக்கு ‘ஆயிடை’ பிடிக்கும். ஓ/எல் பிள்ளைகள் வகுப்பாயிடை என்று படிக்கிறார்கள். ஓர் எண் ஓர் ஆயிடைக்குள்தான் விழும், இரண்டில் விழாது. ‘சம்பள ஆயிடை’ என்றால் அந்தக் கணக்கு அப்படியே வருகிறது.

தர்ஷன்:

நல்லது, சேர். ஆனால் மும்பைத் தாராவியில் இருக்கிற தமிழருக்கு ‘ஆயிடை’ தெரியுமா?

சுகந்தி:

அதுதான் என் யோசனையும். அப்புறம் மூன்றாவது சொல்லில் சண்டை இன்னும் பெரிது. சோதிக்கிற ஆள் ‘ஆண்டு வரி 2,500’ என்று பார்த்துவிட்டு, ஏன் என் சீட்டில் 1,300 என்று பிழை பதிந்திருக்கிறார். பெண், ஏப்ரலில் 24,500. ஒக்டோபரில் 26,000 ஆகியிருக்கிறது.

றிஸ்வான்:

1,300 சரி. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை சும்மா. ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி நாலு மாதம் 200.

```
4 × 200 = 800
பெப்ரவரி  300
மார்ச்     200
மொத்தம் 1300
```

2,500 என்பது வருஷம் முழுவதும் மேல்பெட்டியில் இருந்தவருக்கு: பதினொரு 200, ஒரு 300. இந்திய அரசியலமைப்பின் 276ஆவது உறுப்பு ஓர் ஆளிடம் ஆண்டுக்கு 2,500க்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது. 1988இல் 250இலிருந்து உயர்த்தினார்கள். மாதம் 200 என்றால் 2,400தான் வரும், மீதி நூறைப் பெப்ரவரியில் எடுத்து உச்சத்தைத் தொடுகிறார்கள். ஆகவே 2,500 உச்சவரம்பு, 1,300 உண்மையில் பிடித்த தொகை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இப்படித்தான் பிழை பதிவார்கள். மென்பொருள் 2,500ஐ 12ஆல் வகுத்து 208.33 என்று போட்டால்தான் உண்மையான பிழை, அதைப் பாருங்கள்.

இன்னொருவர், ஆண், மாதம் 9,800. அவருக்கு 12 முறை 175, மொத்தம் 2,100. பெப்ரவரியில் கூடுதல் எதுவும் இல்லை. ‘பெப்ரவரி என்றால் 300’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் அவர் சீட்டில் தெரியும்.

தர்ஷன்:

அவருக்கு ஒரு மாதம் ஓவர்டைம் கிடைத்து 10,300 வந்தால்?

றிஸ்வான்:

சட்டம் ஒழுங்காகக் கிடைக்கும் ஊதியத்தைச் சேர்க்கச் சொல்கிறது, போனஸை எந்த வடிவிலும் சேர்க்க வேண்டாம் என்கிறது. ஆகவே 24,500 எடுக்கும் பெண் தீபாவளி போனஸால் பெட்டி தாண்டமாட்டார். ஓவர்டைம் ‘ஒழுங்காக’ கிடைப்பதா என்பதுதான் சிக்கல். மாதாமாதம் வந்தால் சேரும் என்று நான் சொல்வேன், எப்போதாவது வந்தால் வாதம் இருக்கிறது. அதை அந்த நிறுவனத்தின் கணக்காளர் தீர்க்கட்டும், தமிழாக்குகிறவர் தீர்க்கக் கூடாது.

நடேசன்:

என் மருமகனுக்கும் நவம்பரில்தான் விற்பனை ஏறும். அவருக்கு மாதத்துக்கு மாதம் கூட்டிக் குறைப்பார்களா?

சுகந்தி:

ஐயா, மருமகன் மும்பையில் கடை போட்டால் அதற்கு வேறு பட்டியல் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

சரி, இப்போதைக்கு நான் போடப்போவது: ‘தொழில் வரி’, ‘ஆண்டு உச்சவரம்பு’, ‘இதுவரை பிடித்த தொகை’. சம்பளச் சீட்டு நடுவருஷத்தில் பார்க்கப்படுவதால் ‘ஆண்டு மொத்தம்’ என்பதை மார்ச் சீட்டுக்கு மட்டும் வைக்கிறேன். ‘ஸ்லாப்’புக்கு ‘சம்பள எல்லை’ என்று தற்காலிகமாக எழுதுகிறேன். இரண்டு பக்கமும் எல்லை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

றிஸ்வான்:

‘எல்லை’ என்பது கோடு, மிஸ். கோட்டுக்கு நடுவில் இருக்கிற இடம்தான் உங்களுக்கு வேணும். நான் ஆயிடையை விடப்போவதில்லை.

தர்ஷன்:

‘சம்பள வரம்புகள்’ என்று பன்மையில் போட்டுப் பாருங்கள், அக்கா. ‘7,501 முதல் 10,000 வரை’ என்று பக்கத்தில் எண்களே இருக்கும்போது தலைப்பில் அவ்வளவு தூரம் துல்லியம் வேணுமா?