ஹாட் ஸ்டாண்ட்பை: ‘உடனடிக் காப்பு’ சரியா?

அனுப்பியவர்: ஏட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கோபுரத்துக்குக் கோபுரம் ரேடியோ வழியே தரவைக் கொண்டுசெல்லும் மைக்ரோவேவ் பேக்ஹாலின் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அடாப்டிவ் மாடுலேஷனுக்குத் ‘தகவமை பண்பேற்றம்’ என்று எழுதிவிட்டேன். பண்பேற்றம் பாடநூலிலேயே இருக்கும் சொல் என்பதால் அதில் தடங்கல் இல்லை. முதல் ரேடியோ பழுதானால் உடனே வேலையை எடுத்துக்கொள்ள இரண்டாவதைத் தயாராக வைக்கும் ஹாட் ஸ்டாண்ட்பைதான் இடிக்கிறது. ‘சூடான காத்திருப்பு’ என்று ஒருவர் எழுதித் தந்தார். தேநீர்க் கடைதான் நினைவுக்கு வந்தது. இப்போதைக்கு ‘உடனடிக் காப்பு’ என்று வைத்திருக்கிறேன். அவைலபிலிட்டி ‘கிடைப்பு விழுக்காடு’. பொருந்துகிறதா?

அனுப்பியவர்: சர்வர் அறை

‘காப்பு’ அருமையான சொல். ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிட்டால் கவலை இல்லை. ஒரு ரேடியோவின் கிடைப்பு 99.99 என்றால் அது தவறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டும் சேர்ந்து தவறுவது பத்துக் கோடியில் ஒன்று. ஆகவே கிடைப்பு 99.999999. எங்கள் சர்வர்களுக்கு இப்படித்தான் போடுகிறோம்.

அனுப்பியவர்: கோபுரத்தான்

தம்பி, கருவிப் பழுதுக்கு உங்கள் கணக்குச் சரி. மழைக்குச் சரியில்லை. இரண்டு ரேடியோவுக்கும் ஒரே ஆன்டெனா, ஒரே அலைவரிசை, ஒரே மழை. ஒன்று கேட்காதபோது மற்றதும் கேட்காது.

ஏட்டுக்காரர் ஐயாவின் சொல்லில் எனக்குள்ள தயக்கமும் இதுதான். 18 கிகாஹெர்ட்ஸில் 6 கிலோமீட்டர் இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 90 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டும் ஊர், செங்குத்து முனைவாக்கம். வெயில் நாளில், அதிகத் தரவு சுமக்கும் 256 குவாம் பண்பேற்றத்துக்குத் தேவையானதைவிட 27 டெசிபெல் சமிக்ஞை மிச்சம் இருக்கிறது. ஐடியு-ஆர் பி.530 பரிந்துரையின் முறையில் போட்டால் மழையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 55 நிமிடம் அந்தப் பண்பேற்றம் நிற்காது, அதாவது கிடைப்பு 99.99.

இப்போது கருவிக் கணக்கு. ஒரு ரேடியோ சராசரியாக 30 ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகிறது என்று கொள்வோம். இரு முனையும் சேர்த்தால் 15 ஆண்டுக்கு ஒருமுறை. உதிரியோடு ஆள் கோபுரம் ஏறி மாற்றி முடிக்க 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். அதை 15 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 32 நிமிடம். மழையோடு கூட்டினால் 87.

ஹாட் ஸ்டாண்ட்பை போட்டால் அந்த 32 ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் இரு ரேடியோவையும் ஒரே ஆன்டெனாவில் சேர்க்கக் கப்ளர் வேண்டும். முதன்மைப் பக்கத்திலேயே அது முனைக்கு 1.5 டெசிபெல் தின்னும். இரு முனைக்கும் 3 போனால் மிச்சம் 24தான். மழை நிமிடம் 55இலிருந்து 76 ஆகிவிடும்! 87ஐ 76 ஆக்கத்தான் இரட்டைச் செலவு. ‘காப்பு’ என்று எழுதினால் மழையையும் தடுக்கும் என்றுதானே படிப்பவர் எண்ணுவார்?

மழைக்கு ஈடுகொடுப்பது தகவமை பண்பேற்றம்தான். சமிக்ஞை தளர்ந்தால், குறைந்த தரவே சுமந்தாலும் தளர்ந்த சமிக்ஞையிலும் நிற்கும் கியூபிஎஸ்கே பண்பேற்றம் வரை படிப்படியாக இறங்கிக்கொள்ளும். அங்கே கப்ளர் இல்லாமல் 47 டெசிபெல் மிச்சம்; மழை நிமிடம் வெறும் 10. கப்ளரோடும் 12தான். அந்த நிலையில் பழுதின் 32 நிமிடமே பெரும்பங்கு, ஸ்டாண்ட்பை அப்போதுதான் விலைக்குத் தகும்.

அனுப்பியவர்: வீட்டு மின்சாரம்

எங்கள் வீட்டு இன்வெர்ட்டரும் மின்சாரம் போன மறுகணமே எடுத்துக்கொள்கிறது. அதுவும் இந்த வகைதானே? அப்படியானால் ‘மாற்று மின்வழங்கி’ என்ற சொல்லையே கொள்ளலாமே. பேட்டரியை மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

அனுப்பியவர்: கோபுரத்தான்

இங்கே பேட்டரிப் பேச்சே இல்லை. காத்திருக்கும் ரேடியோ அலைவரிசை பொருத்தி, மின்னூட்டத்தோடு, வாயை மட்டும் மூடிக்கொண்டு நிற்கிறது; அதன் ஏற்பி எப்போதும் கேட்டபடி இருக்கிறது. வெப்பம் அல்ல, விழிப்பு. ஆகவே ‘விழிப்பு மாற்று’ என்கிறேன்.

அனுப்பியவர்: கட்டுப்பாட்டறை

‘கிடைப்பு விழுக்காடு’ பற்றி ஒரு சொல். நான் பணியாற்றிய இடத்தில் ஒரு மாத அறிக்கையில் ஓர் இணைப்புக்கு 100 விழுக்காடு என்று இருந்தது. வாடிக்கையாளரோ மாலை மழையில் எதுவும் ஓடவில்லை என்றார். இருவர் சொன்னதும் மெய். இணைப்பு கியூபிஎஸ்கேயில் உயிரோடு இருந்தது, 180 மெகாபிட்டுக்குப் பதில் 40ஐச் சுமந்தபடி. எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை. ஒவ்வொரு பண்பேற்றத்திலும் எத்தனை நொடி நின்றது என்ற பதிவைத் திறந்த பிறகுதான் விளங்கியது. எதன் கிடைப்பு என்று சொல்லாத விழுக்காடு எனக்கு உதவாது. ‘180 மெகாபிட் கிடைப்பு’, ‘40 மெகாபிட் கிடைப்பு’ என்றே எழுதுங்கள்.

அனுப்பியவர்: ஏட்டுக்காரர்

வீத அடைமொழியைச் சேர்த்துவிடுகிறேன், அம்மா. ‘காப்பு’ போகட்டும். ஆனால் ‘விழிப்பு மாற்று’ என்றால் விழிப்பையே மாற்றுவதுபோல் காதில் விழுகிறதே, ஐயா. ‘விழிப்பிணை’ என்றால்?

அனுப்பியவர்: கோபுரத்தான்

இணை என்றால் இரண்டும் ஒருசேரச் சுமக்கிறது என்று படிப்பார்கள். 2+0 அமைப்புக்கு அந்தச் சொல் வேண்டும், எடுத்துவிடாதீர்கள்.